விகிதச் சோதனையில் 1 வந்து நின்றால்: முடிவிலித் தொடர் பயிற்சித்தாளுக்கு அறிகுறி வாரியான வழிமுறை

"பின்வரும் தொடர்களின் ஒருங்கலைச் சோதிக்க" என்று ஒரு வரி. அதன் கீழே பத்துப் பன்னிரண்டு தொடர்கள். எந்தச் சோதனையைப் போடுவது என்று கேள்வி சொல்லாது. பெரும்பாலானவர்கள் எல்லாவற்றுக்கும் விகிதச் சோதனையிலேயே தொடங்குகிறார்கள். a(n+1)-ஐ a(n)-ஆல் வகுத்து எல்லை எடுத்தால் போதும், யோசிக்க வேண்டியதில்லை என்பதுதான் காரணம். தாளில் பாதிக்கு அது வேலை செய்யும். மீதிப் பாதியில் எல்லை 1 என்று வந்து நிற்கும்; அங்கேதான் தவறான விடைகள் பிறக்கின்றன.

கீழே வருவதெல்லாம் அப்படி நிற்கும் இடங்கள். எந்த அறிகுறி தெரிகிறதோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம். ஆனால் முதல் பகுதியை மட்டும் தாண்ட வேண்டாம். மற்ற எல்லாமே அதன் மேல்தான் நிற்கிறது. கடைசி இரண்டு பகுதிகளைத் தவிர மற்றவற்றில் உறுப்புகள் எல்லாம் மிகை எண்கள் என்று வைத்துக்கொள்கிறோம்.

முதலில்: விகிதச் சோதனையின் கண்ணுக்கு எது தெரியும்?

விகிதச் சோதனையும் உள்ளுக்குள் ஓர் ஒப்பீடுதான். a(n+1)/a(n) ஓர் இடத்துக்குப் பிறகு எப்போதும் 0.9-க்குக் கீழேயே இருக்கிறது என்றால், ஒவ்வொரு உறுப்பும் முந்தையதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் போகாது. ஆகவே அந்தத் தொடர் முழுவதும் C × 0.9^n என்ற பெருக்குத் தொடருக்கு அடியில் அடங்கிவிடுகிறது. பெருக்குத் தொடர் ஒருங்கும், அதனால் நம் தொடரும் ஒருங்கும். சோதனையின் நிரூபணமே இவ்வளவுதான்.

இதிலிருந்து அதனால் எது முடியாது என்பதும் தெரிகிறது. பெருக்குத் தொடரின் வேகத்தில் குறையும், அல்லது கூடும் உறுப்புகளை மட்டுமே அது அடையாளம் காணும். n-இன் அடுக்குகள் அதன் கண்ணுக்குத் தெரியாது. 1/n^p-க்கு விகிதம் (n/(n+1))^p. p என்னவாக இருந்தாலும் இதன் எல்லை 1. Σ 1/n விரியும், Σ 1/n² ஒருங்கும். விகிதச் சோதனை இரண்டுக்கும் அதே 1-ஐத்தான் தருகிறது.

எனவே பேனாவை எடுக்கும் முன் உறுப்பைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இதில் n! அல்லது 2^n, x^n போல n அடுக்காக ஏறிய ஏதாவது இருக்கிறதா? இருந்தால் விகிதச் சோதனை. n-இன் அடுக்குகள், வர்க்கமூலங்கள், மடக்கைகள் மட்டும்தான் என்றால் விகிதச் சோதனையைத் தொடவே வேண்டாம். 1 வரும் என்பது முன்கூட்டியே தெரிந்த விடை. நேராக ஒப்பீட்டுக்குப் போங்கள்.

அறிகுறி: எல்லை 1 வந்தது, அடுத்து என்ன எழுதுவது என்று தெரியவில்லை

ஒரு கணக்கை முழுதாகப் பார்ப்போம்.

Σ √n (3n + 1) / (n³ + 2n)

இதில் ஃபாக்டோரியலும் இல்லை, அடுக்கில் n-உம் இல்லை. ஆகவே ஒப்பீடு. எதோடு ஒப்பிடுவது என்பதைக் கண்டுபிடிக்க, தொகுதியிலும் பகுதியிலும் மிகப் பெரிய உறுப்பை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை மறந்துவிடுங்கள். தொகுதியில் √n × 3n, அதாவது 3n^1.5. பகுதியில் n³. வகுத்தால் 3/n^1.5. ஆக, ஒப்பிட வேண்டிய தொடர் Σ 1/n^1.5. இங்கே p = 1.5, 1-ஐ விடப் பெரியது, ஆகவே ஒருங்கும். விடை தெரிந்துவிட்டது, எழுதிக்காட்டுவதுதான் பாக்கி.

எழுதிக்காட்ட எளிய வழி எல்லை ஒப்பீடு. b(n) = 1/n^1.5 என்று எடுத்து a(n)/b(n)-ஐக் கணக்கிடுங்கள்:

a(n)/b(n) = n²(3n + 1)/(n³ + 2n) → 3

எல்லை 3. அது 0-உம் இல்லை, முடிவிலியும் இல்லை. ஆகவே இரண்டு தொடர்களும் ஒன்றாக ஒருங்கும் அல்லது ஒன்றாக விரியும். Σ b(n) ஒருங்குவதால் Σ a(n)-உம் ஒருங்கும். இந்த மூன்று வாக்கியங்களையும் விடைத்தாளில் எழுத வேண்டும். எல்லை 3 என்பதோடு நிறுத்தினால் பாதி விடைதான். அந்த 3 தொடரின் கூடுதலும் அல்ல. சிலர் அப்படி எழுதிவிடுகிறார்கள்.

"பெரிய உறுப்பை மட்டும் வை" என்ற முறை ஓர் இடத்தில் ஏமாற்றும். √(n² + 1) − n என்ற உறுப்பில் பெரியதை மட்டும் வைத்தால் n − n = 0 என்று ஆகிவிடும். கழித்தலில் பெரிய பகுதிகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்வதால் மீந்திருக்கும் சின்னப் பகுதிதான் முக்கியம். இங்கே √(n² + 1) + n-ஆல் மேலும் கீழும் பெருக்குங்கள். உறுப்பு 1/(√(n² + 1) + n) ஆகும். இப்போது பகுதி ஏறத்தாழ 2n, 1/n-உடன் ஒப்பிட்டால் எல்லை 1/2, விரியும். வர்க்கமூலங்களின் வித்தியாசம் கண்ணில் பட்டால் முதல் வேலை இந்தப் பெருக்கல்தான்.

அறிகுறி: விகிதம் எப்போதும் 1-ஐ விடச் சிறியது, "ஒருங்கும்" என்று எழுதினேன், தவறு என்கிறார்கள்

இசைத் தொடர் Σ 1/n-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். விகிதம் n/(n+1). எந்த n போட்டாலும் 1-ஐ விடச் சிறியதுதான். ஆனால் n = 9 என்றால் 0.9, n = 99 என்றால் 0.99, n = 999 என்றால் 0.999. எங்கேயும் ஒரு கூரை இல்லை. சோதனைக்குத் தேவை 1-ஐ விடச் சிறிய ஒரு நிலையான எண் r. ஓர் இடத்துக்குப் பிறகு எல்லா விகிதங்களும் அந்த r-ஐத் தாண்டாமல் இருக்க வேண்டும். விகிதம் 1-ஐ நெருங்கிக்கொண்டே போனால் எந்த r-ஐ எடுத்தாலும் அது ஒருநாள் தாண்டும். பெருக்குத் தொடருக்கு அடியில் அடக்கும் வாதம் அங்கேயே உடைந்துவிடுகிறது.

கணிப்பானில் கூட்டிப் பார்த்து இதைச் சரிபார்க்கவும் முடியாது. இசைத் தொடரின் முதல் 1000 உறுப்புகளின் கூடுதல் சுமார் 7.49, முதல் 10 லட்சத்தின் கூடுதல் சுமார் 14.39. கூடுதல் 20-ஐத் தாண்ட 27 கோடிக்கும் மேற்பட்ட உறுப்புகள் வேண்டும். திரையில் எண் நின்றுவிட்டது போலத் தெரிவதால் தொடர் ஒருங்கிவிடாது. a(n) → 0 என்பதும் இதே வகைதான். உறுப்பு 0-ஐ நெருங்காவிட்டால் தொடர் நிச்சயம் விரியும். நெருங்கினால் எதுவும் தெரியாது. சோதனை இனிமேல்தான் தொடங்குகிறது.

எல்லை 1 என்றாலும் விகிதம் நேராகவே விடை தரும் ஒரு நிலை உண்டு. விகிதம் ஓர் இடத்துக்குப் பிறகு 1-க்குக் குறையாமலே இருந்தால், உறுப்புகள் குறையவே இல்லை, ஆகவே 0-ஐ அடைய முடியாது, தொடர் விரியும். Σ 4^n (n!)²/(2n)! இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. விகிதம் (2n+2)/(2n+1) என்று வரும். எல்லை 1, ஆனால் ஒவ்வொரு படியிலும் 1-ஐ விடப் பெரியது. உறுப்புகள் 2, 8/3, 16/5 என்று கூடிக்கொண்டே போகின்றன. இங்கே "சோதனை முடிவு தரவில்லை" என்று எழுதி நிறுத்துவது கையில் இருக்கும் விடையைக் கீழே போடுவதாகும்.

அறிகுறி: விகிதச் சோதனைதான் சரி, ஆனால் விடை தலைகீழாக வருகிறது

பெரும்பாலும் பிழை சோதனையில் இல்லை, n-க்குப் பதில் n+1 போட்ட இடத்தில் இருக்கும். Σ (n!)²/(2n)!-ஐப் பாருங்கள். (2n)!-இல் n-க்குப் பதில் n+1 போட்டால் (2(n+1))!, அதாவது (2n+2)!. பலர் (2n+1)! என்று எழுதிவிடுகிறார்கள். அப்படி எழுதினால் விகிதம் (n+1)²/(2n+1) ஆகி முடிவிலிக்குப் போகும். "விரியும்" என்று விடை வரும். சரியாக எழுதினால்:

(2n+2)! = (2n+2)(2n+1)(2n)!

a(n+1)/a(n) = (n+1)² / ((2n+2)(2n+1)) = (n+1)/(2(2n+1)) → 1/4

ஒருங்கும். ஒரு காரணியை விட்டதால் விடையே மாறிப்போனது.

இதைப் பிடிக்க அரை நிமிடச் சரிபார்ப்பு ஒன்று உண்டு. ஒவ்வொரு விகிதக் கணக்குக்கும் செய்யத் தகுந்தது. முதல் மூன்று உறுப்புகளை எண்ணாகவே எழுதுங்கள்: 1/2, 1/6, 1/20. முதல் விகிதம் 1/3, இரண்டாவது 3/10. இப்போது நீங்கள் சுருக்கிய வாய்ப்பாட்டில் n = 1 போடுங்கள்: 2/(2×3) = 1/3. n = 2 போடுங்கள்: 3/(2×5) = 3/10. பொருந்துகிறது. தவறான வாய்ப்பாட்டில் n = 1 போட்டால் 4/3 வரும்; அங்கேயே தெரிந்துவிடும்.

n^n வரும் கணக்கில் வேறொரு பள்ளம். Σ n!/n^n-இன் விகிதம் (n/(n+1))^n வரை சுருங்கும். அடைப்புக்குள் இருப்பது 1-ஐ நோக்கிப் போகிறது என்பதால் 1^n = 1 என்று எழுதிவிடுவது தவறு. அடைப்புக்குள்ளும் அடுக்கிலும் ஒரே n ஓடுகிறது. ஒன்றை மட்டும் முதலில் எல்லைக்குக் கொண்டுபோக முடியாது. (n+1)/n-ஐ 1 + 1/n என்று திருப்பி எழுதினால் பகுதியில் (1 + 1/n)^n வரும். அதன் எல்லை e. ஆகவே விகிதத்தின் எல்லை 1/e, சுமார் 0.368, ஒருங்கும்.

மூன்றாவது காரணம் நம் பாடநூல்களிலேயே இருக்கிறது. இந்தியாவில் புழங்கும் பல நூல்கள் விகிதத்தைத் திருப்பிப் போட்டு u(n)/u(n+1) என்று எடுத்து, எல்லை 1-ஐ விடப் பெரியதானால் ஒருங்கும் என்று சொல்கின்றன. வேறு நூல்கள் u(n+1)/u(n) என்று எடுத்து, 1-ஐ விடச் சிறியதானால் ஒருங்கும் என்கின்றன. இரண்டும் சரியே. ஒரு நூலின் விகிதத்தையும் மற்றதன் முடிவையும் கலந்தால்தான் விடை தலைகீழாகும். விடையின் முதல் வரியிலேயே எந்த விகிதத்தை எடுக்கிறீர்கள் என்று எழுதிவிடுங்கள். மறந்துபோனால் Σ 1/2^n-ஐ நினைத்துக்கொள்ளுங்கள். அது ஒருங்கும், பின்னதை முன்னதால் வகுத்தால் 1/2.

அறிகுறி: விகிதச் சோதனை ஒருங்கும் என்கிறது, ஆனால் உறுப்புகள் கூடிக்கொண்டே போகின்றன

Σ n^10/2^n. முதல் விகிதமே 512. உறுப்புகள் மளமளவென ஏறி n = 14-இல் சுமார் 1 கோடியே 76 லட்சத்தைத் தொடுகின்றன. அதன் பிறகுதான் இறங்கத் தொடங்குகின்றன. விகிதம் (1/2)(1 + 1/n)^10, எல்லை 1/2, தொடர் ஒருங்கும். கணக்கில் பிழை ஏதும் இல்லை. தொடக்கத்தில் எத்தனை உறுப்புகள் எப்படி நடந்துகொண்டாலும் அவை கூடுதலின் மதிப்பை மாற்றுமே தவிர, ஒருங்குமா விரியுமா என்பதை மாற்றாது. அடுக்கில் இருக்கும் n, அடியில் இருக்கும் n-இன் எந்த நிலையான அடுக்கையும் கடைசியில் வென்றுவிடும்.

அறிகுறி: ஒப்பிட்டேன், ஆனால் சமனின்மை தவறான பக்கம் திரும்பி நிற்கிறது

ஒப்பீட்டுச் சோதனை இரண்டே திசைகளில் வேலை செய்யும். ஒருங்கும் தொடரைவிடச் சிறியது ஒருங்கும். விரியும் தொடரைவிடப் பெரியது விரியும். மற்ற இரண்டு சேர்க்கைகளிலும் எதுவும் சொல்ல முடியாது.

n = 2 முதல் Σ 1/(n² − 1). பகுதி n²-ஐ விடச் சிறியது, எனவே உறுப்பு 1/n²-ஐ விடப் பெரியது. ஒருங்கும் தொடரைவிடப் பெரியது என்பது வீண் தகவல். ஆனாலும் தொடர் ஒருங்குகிறது என்று உள்ளுணர்வு சொல்கிறது, அது சரிதான். இதைச் சரிசெய்ய ஒரு மாறிலியை நுழைத்தால் போதும். n ≥ 2 எனில் n² − 1 ≥ n²/2, ஆகவே உறுப்பு 2/n²-க்கு மேல் போகாது. Σ 2/n² ஒருங்கும். முடிந்தது.

விரியும் பக்கமும் அப்படியே. Σ 1/(n + 5)-இன் உறுப்பு 1/n-ஐ விடச் சிறியது, அது உதவாது. ஆனால் n ≥ 1 எனில் n + 5 ≤ 6n, ஆகவே உறுப்பு குறைந்தது 1/(6n). Σ 1/(6n) விரிவதால் இதுவும் விரியும்.

மாறிலியைத் தேட மனமில்லை என்றால் எல்லை ஒப்பீடு இரண்டையும் ஒரே வரியில் முடித்துவிடும். என் கருத்தில், பின்னங்களுக்கு எல்லை ஒப்பீட்டை வழக்கமாக்கிக்கொள்வதே நல்லது. நேரடி ஒப்பீட்டை sin, cos போன்றவை வரும் இடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். (2 + sin n)/n²-ஐ 1/n²-ஆல் வகுத்து எல்லை எடுக்கவே முடியாது, ஏனெனில் sin n ஓரிடத்தில் நிலைக்காது. ஆனால் அந்தத் தொகுதி 3-ஐத் தாண்டாது என்பது கண்ணுக்கே தெரிகிறது; 3/n²-உடன் நேராக ஒப்பிட்டு முடிக்கலாம்.

விகிதத்துக்கு எல்லையே இல்லாமல் ஊசலாடும் தொடர்களுக்கும் இதே மருந்துதான். உறுப்பு 2^(−n−(−1)^n) என்றால் விகிதம் 1/8, 2, 1/8, 2 என்று மாறி மாறி வரும். விகிதச் சோதனை கையை விரித்துவிடும். ஆனால் எந்த உறுப்பும் 2 × 2^(−n)-ஐத் தாண்டாது. ஒப்பிட்டால் ஒரே வரி.

அறிகுறி: எல்லை ஒப்பீட்டில் 0 அல்லது முடிவிலி வந்தது

பெரும்பாலும் ln n இருக்கும் கணக்குகளில் இது வரும். a(n)/b(n) → 0 என்றால் a(n) வெகுவாகச் சிறியது என்று பொருள். Σ b(n) ஒருங்கினால் Σ a(n)-உம் ஒருங்கும். விரிந்தால் ஒன்றும் சொல்ல முடியாது. முடிவிலி வந்தால் இதன் மறுபக்கம்: Σ b(n) விரிந்தால் Σ a(n)-உம் விரியும்; ஒருங்கினால் ஒன்றும் சொல்ல முடியாது.

Σ ln n/n²-ஐ 1/n²-உடன் ஒப்பிட்டால் முடிவிலி, பயனில்லை. 1/n-உடன் ஒப்பிட்டால் 0, அதுவும் பயனில்லை. இரண்டுக்கும் நடுவில் ஓர் அடுக்கை எடுங்கள், 1/n^1.5. விகிதம் ln n/√n → 0, இப்போது Σ b(n) ஒருங்கும் தொடர். ஆகவே நம் தொடரும் ஒருங்கும். ln n எந்தச் சிறிய மிகை அடுக்கைவிடவும் மெதுவாகவே வளரும் என்பதால் இந்த நடுவழி கிடைக்கிறது.

Σ 1/(n ln n)-க்கு அந்த நடுவழியும் கிடையாது. 1/n-உடன் 0, 1/n^1.01-உடன் முடிவிலி, எந்த p-ஐ எடுத்தாலும் உதவாத பக்கமே வரும். உறுப்புகள் மிகையாகவும் இறங்கிக்கொண்டும் இருந்தால் கோஷியின் ஒடுக்கச் சோதனையைப் பயன்படுத்தலாம். n-க்குப் பதில் 2^k போட்டு, 2^k-ஆல் பெருக்குங்கள். புதிய தொடரும் பழைய தொடரும் ஒன்றாகவே ஒருங்கும், ஒன்றாகவே விரியும். இங்கே 2^k × 1/(2^k × k ln 2) = 1/(k ln 2). இசைத் தொடர்தான், விரியும். Σ 1/(n (ln n)²)-க்கு அதே வேலை செய்தால் 1/(k² (ln 2)²) வரும், ஒருங்கும். தொகையீட்டுச் சோதனையும் இதே விடைகளைத் தரும். ஆனால் பிரதியீடு செய்து தொகையிடுவதைவிட இது வேகமானது.

இன்னொரு கண்ணி: Σ 1/n^(1 + 1/n). அடுக்கு எப்போதும் 1-ஐ விடப் பெரியது என்பதால் "p > 1, ஒருங்கும்" என்று எழுதத் தோன்றும். p-தொடரில் p என்பது n-ஐப் பொறுத்து மாறாத எண். இங்கே அது n-உடன் சேர்ந்து 1-ஐ நோக்கி இறங்குகிறது. 1/n-உடன் எல்லை ஒப்பீடு செய்தால் 1/n^(1/n) → 1, ஆகவே விரியும்.

அறிகுறி: ஃபாக்டோரியல் இருக்கிறது, ஆனாலும் விகிதம் 1, எதோடு ஒப்பிடுவது என்றும் தெரியவில்லை

தாளின் கடைசியில் வழக்கமாக இருக்கும் கணக்கு இது:

Σ (1·3·5 ... (2n−1)) / (2·4·6 ... 2n)

விகிதம் (2n+1)/(2n+2). எல்லை 1, எப்போதும் 1-ஐ விடச் சிறியது. ஃபாக்டோரியலும் 4^n-உம் உள்ளே இருந்தாலும் (இந்த உறுப்பு (2n)!/(4^n (n!)²)-க்குச் சமம்) அவற்றின் வேகம் ஒன்றையொன்று சரிக்கட்டிவிட்டது. மீந்திருப்பது n-இன் ஏதோ ஓர் அடுக்கு. அந்த அடுக்கைப் படித்துக் காட்டுவதுதான் ராபேயின் சோதனை:

n (a(n)/a(n+1) − 1)

இதன் எல்லை 1-ஐ விடப் பெரியதானால் ஒருங்கும், சிறியதானால் விரியும், 1 ஆனால் முடிவு இல்லை. இங்கே விகிதம் திரும்பியிருப்பதைக் கவனியுங்கள். முன்னதைப் பின்னதால் வகுக்கிறோம். இந்தச் சோதனை எதை அளக்கிறது என்பதை 1/n^p-இல் போட்டுப் பார்த்தால் புரியும். n((1 + 1/n)^p − 1) → p. அதாவது விகிதச் சோதனைக்குத் தெரியாத p-ஐ இது நேராகவே எடுத்துத் தருகிறது.

நம் தொடரில் a(n)/a(n+1) − 1 = 1/(2n+1). n-ஆல் பெருக்கினால் n/(2n+1) → 1/2. ஆகவே உறுப்பு 1/√n போல நடந்துகொள்கிறது, விரியும். உறுப்பைக் கனப்படுத்திய தொடருக்கு இதே கணக்கு 3/2 தரும், அது ஒருங்கும். வர்க்கப்படுத்தினால் சரியாக 1 வந்து ராபேயும் நின்றுவிடுவார்.

பாடத்திட்டத்தில் ராபே இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. தொகுதியில் உள்ள 3, 5, 7-ஐ ஓரிடம் தள்ளி 2, 4, 6-உடன் சோடி சேருங்கள். உறுப்பு (3/2)(5/4)(7/6) ... ((2n−1)/(2n−2)) × 1/(2n) ஆகும். ஒவ்வொரு சோடியும் 1-ஐ விடப் பெரியது. ஆகவே உறுப்பு 1/(2n)-க்குக் குறையாது. நேரடி ஒப்பீட்டிலேயே விரிகிறது.

அறிகுறி: குறை உறுப்புகள் இருக்கும்போது ஒப்பீடு அபத்தமான விடை தருகிறது

ஒப்பீட்டுச் சோதனை குறை உறுப்புகளுக்குச் செல்லாது. −1/n என்பது 1/n²-ஐ விடச் சிறியதுதான். அதற்காக Σ (−1/n) ஒருங்கிவிடாது. குறி மாறும் தொடர் வந்தால் முதலில் மட்டு மதிப்பை எடுத்து மேலே சொன்ன வழிகளில் சோதியுங்கள். அது ஒருங்கினால் மூலத் தொடரும் ஒருங்கும். அது விரிந்தால் அதோடு முடிவுக்கு வராமல் லைப்னிஸ் சோதனைக்குப் போங்கள். ஒரு விதிவிலக்கு: மட்டு மதிப்பின் விகித எல்லை 1-ஐ விடப் பெரியதாக இருந்தால் உறுப்புகளே 0-க்குப் போகவில்லை என்று பொருள், மூலத் தொடரும் விரிகிறது, அங்கேயே நிறுத்தலாம்.

அறிகுறி: x இருக்கும் கணக்கில் மதிப்பெண் பாதிதான் கிடைக்கிறது

Σ √(n/(n² + 1)) x^n. x^n இருப்பதால் விகிதச் சோதனை. வர்க்கமூலப் பகுதியின் விகிதம் 1-க்குப் போகும். மீதி |x|. ஆகவே |x| < 1 எனில் ஒருங்கும், |x| > 1 எனில் விரியும். பலர் இங்கே கோடு போட்டு முடித்துவிடுகிறார்கள். மீதி மதிப்பெண் |x| = 1-இல் இருக்கிறது, அங்கே விகிதச் சோதனை தன் இயல்பாலேயே பேசாது. x-ஐத் தொடரில் போட்டுவிட்டு, x இல்லாத புதுக் கணக்காகவே அதைப் பாருங்கள். கேள்வியில் x > 0 என்று கொடுத்திருந்தால் x = 1 மட்டும் போதும்.

x = 1: உறுப்பு √(n/(n² + 1)). பெரியதை மட்டும் வைத்தால் 1/√n. எல்லை ஒப்பீட்டில் √(n²/(n² + 1)) → 1. p = 1/2, விரியும்.

x = −1: குறி மாறும் தொடர். மட்டு மதிப்பு விரிகிறது என்று இப்போதுதான் பார்த்தோம், ஆகவே லைப்னிஸ். n/(n² + 1) என்பது 1/(n + 1/n). n ≥ 1 எனில் n + 1/n கூடிக்கொண்டே போகிறது, ஆகவே உறுப்பு இறங்கிக்கொண்டே போகிறது, எல்லை 0. ஒருங்கும்.

முழு விடை: −1 ≤ x < 1 எனில் ஒருங்கும், மற்ற எல்லா x-க்கும் ஒருங்காது.